டெரகோட்டா ஜிமிக்கியில் காசு எங்கே உடைகிறது

"அக்கா, ஒரு வருஷமா டெரகோட்டா ஜிமிக்கி செஞ்சு காலேஜ் பொண்ணுங்களுக்கு ஜோடி 80 ரூபாய்க்கு விக்கிறேன். ஒவ்வொரு ஜோடியும் வேற வேற டிசைன். 20 ஜோடி செஞ்சா 8, 9 ஜோடிதான் முழுசா தேறுது, மத்ததெல்லாம் சுடும்போது போயிடுது. கையில ஒண்ணும் நிக்கல. இப்போ ஒரு பூட்டிக்ல 40 பர்சன்ட் கமிஷன்ல வைக்கச் சொல்றாங்க. குடுக்கலாமா? இல்ல, இதை விட்டுட்டு சில்க் த்ரெட் வளையலுக்கு மாறிடவா?"

பூட்டிக்கைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் அடுத்த முறை சூட்டை ஆறவிட்டுத் திறக்கும்போது ஒரு வேலை செய்யுங்கள். உடைந்த ஜோடிகளை எண்ணாமல், உடைந்த துண்டுகளை எண்ணுங்கள். ஒரு ஜோடி ஜிமிக்கியில் நான்கு உருப்படிகள் இருக்கின்றன: மேலே இரண்டு தோடு, கீழே இரண்டு குடை. 20 ஜோடி என்றால் 80 உருப்படிகள். நீங்கள் எண்ணிப் பார்த்தால் உடைந்தது 16க்குப் பக்கமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அதாவது பத்துக்கு இரண்டு. வீட்டில் சுடுகிறவர்களுக்கு இது ஒன்றும் மோசமான கணக்கு இல்லை.

பத்துக்கு இரண்டு உடைந்தால் 20 ஜோடியில் எப்படி 8 மட்டும் தேறும்? ஒவ்வொரு ஜோடியும் வேறு டிசைன் என்று நீங்களே எழுதியிருப்பதில்தான் விடை இருக்கிறது. நான்கு உருப்படியில் எது உடைந்தாலும் மீதி மூன்றும் அனாதை. நான்கும் முழுசாக வெளியே வரும் வாய்ப்பு 0.8ஐ நான்கு முறை பெருக்கினால் கிடைப்பது, ஏறக்குறைய 0.41. இருபதில் எட்டு. உங்கள் எட்டு, ஒன்பது அங்கிருந்துதான் வருகிறது. உங்கள் வீட்டில் ஒரு டப்பா நிறைய ஒற்றைக் குடையும் ஒற்றைத் தோடும் கிடக்கும். கிடக்கிறதா இல்லையா?

அதே 80 உருப்படிகளை ஒரே அச்சில், ஒரே அளவில் செய்திருந்தால், 16 உடைந்த பிறகும் 64 முழுசாக இருக்கும். எந்தத் தோடும் எந்தக் குடைக்கும் பொருந்தும். 16 ஜோடி தேறும். சுடும் முறையில் ஒரு மாற்றமும் செய்யாமல் எட்டு பதினாறாகிறது. நான் இதைப் புரிந்துகொள்ள இரண்டு வருஷம் ஆயிற்று. அதுவரை தீயைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

காலேஜ் பெண்களுக்கு வித்தியாசம் வேண்டுமே என்று கேட்பீர்கள். வேண்டும்தான். ஆனால் அந்த வித்தியாசத்தை மண்ணில் காட்டாமல் வண்ணத்தில் காட்டுங்கள். சுட்டு எடுத்த பிறகு எல்லாம் ஒரே செங்கல் நிறக் குடைதான். அப்போது ஜோடி சேர்த்து, ஒன்றுக்கு மயில் நீலம், ஒன்றுக்கு அரக்குச் சிவப்பு, ஒன்றுக்குக் கறுப்பில் தங்கப் புள்ளி என்று பிரித்துக்கொள்ளலாம். ஒரு சூட்டுக்கு இரண்டு வடிவம் போதும். அதற்கு மேல் போனால் மறுபடி ஒற்றைகள் சேர ஆரம்பிக்கும்.

இதற்கு அளவு ஒத்துப்போக வேண்டும். கண் அளவில் மண்ணைக் கிள்ளி எடுக்காதீர்கள். சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கி, குடைக்கு ஈர மண் 6 கிராம், தோட்டுக்கு 4 கிராம் என்று உருண்டை பிடித்து வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். ஒரு பாக்கெட் மண்ணை இன்னொரு பாக்கெட்டோடு ஜோடி சேர்க்காதீர்கள், ஏனென்றால் ஒவ்வொரு மண்ணும் சுருங்கும் அளவு வேறு. என்னிடம் இருக்கும் மண் காய்ந்து சுட்டு முடியும்போது பத்தில் ஒரு பங்கு சுருங்கும். 22 மில்லிமீட்டர் அச்சில் எடுத்த குடை 20க்கு வந்து நிற்கும். சுட்ட பிறகு கட்டம் போட்ட தாளில் வரிசையாகப் பரப்பி, அளவில் நெருக்கமான இரண்டை ஜோடி சேர்த்துவிடுங்கள். எடையும் சரியாக இருக்கும். தோடும் குடையும் சேர்ந்து காதுக்கு ஏழெட்டு கிராம்தான் வரும், நாள் முழுக்கப் போட்டாலும் காது இழுக்காது.

இன்னொன்று. குடைதான் அதிகம் உடையும், தோடு அவ்வளவு உடையாது. அதனால் 40 தோட்டுக்கு 46 குடை செய்யுங்கள். அப்படியும் தோடு மிஞ்சினால் பின்னால் தண்டு ஒட்டி, தனித் தோடாகவே விற்கலாம். தினமும் வகுப்புக்குப் போட்டுப் போகிற பெண்கள் ஜிமிக்கியைவிட அதைத்தான் அதிகம் எடுப்பார்கள்.

சரி, இப்போது உடைவதற்கு வருகிறேன். உடைந்ததைக் குப்பையில் போடாமல் ஒரு முறை கையில் எடுத்துப் பாருங்கள். எந்தக் கட்டத்தில் தப்பு நடந்தது என்பதை அந்தத் துண்டே சொல்லும்.

குடை சில்லு சில்லாகச் சிதறி, பக்கத்தில் இருந்ததையும் சேர்த்து உடைத்திருந்தால், மண்ணுக்குள் ஈரம் இருந்திருக்கிறது. எல்லோரும் காற்றுக் குமிழியைத்தான் குறை சொல்வார்கள். காற்று மட்டும் இருந்தால் அது மண்ணின் நுண்துளை வழியாக வெளியேறிவிடும். தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டி ஆவியாகும்போது ஆயிரம் மடங்குக்கு மேல் விரிகிறது. வெளியே போக நேரம் கிடைக்காவிட்டால் மண்ணைக் கிழித்துக்கொண்டு போகும். பிசைவது அவசியம்தான், ஆனால் நன்றாகப் பிசைந்த ஈர மண்ணும் வெடிக்கும்.

விளிம்பிலிருந்து ஆரம்பித்து வாய் பிளந்த மாதிரி விரிசல் இருந்தால், அது காயும்போது வந்தது. தீயில் பெரிதாகித் தெரிகிறது, அவ்வளவுதான். குடையின் விளிம்பு சீக்கிரம் காயும், உச்சி மெதுவாகக் காயும். காய்ந்த விளிம்பு சுருங்கப் பார்க்கும்போது ஈரமான உச்சி சுருங்க மறுப்பதால் விளிம்பு பிளக்கிறது. முதல் நாள் மெல்லிய துணியால் மூடி வையுங்கள். அடுத்த நாள் திறந்து, நிழலிலேயே அவ்வப்போது திருப்பி வையுங்கள். வெயிலும் வேண்டாம், மின்விசிறிக்கு நேர் கீழேயும் வேண்டாம். குடையின் உச்சி மற்ற இடத்தைவிடத் தடிமனாக இருக்கிறதா என்றும் பாருங்கள். எல்லா இடமும் 3 மில்லிமீட்டர் இருந்தால் இந்த விரிசல் பாதி நின்றுவிடும்.

கம்பி கோக்கும் துளையைச் சுற்றி விரிசல் வந்தால், மண் ரொம்ப ஈரமாக இருந்தபோது துளை போட்டிருக்கிறீர்கள். கையில் எடுத்தால் வளையாமல், நகம் வைத்தால் மட்டும் பதிகிற பக்குவம் ஒன்று உண்டு. அப்போது ஊசியை உள்ளேயிருந்து பாதி, வெளியேயிருந்து பாதி என்று திருகிப் போடுங்கள். ஒரே பக்கமாகக் குத்தித் தள்ளினால் மறுபக்கம் பெயரும். துளையும் சுருங்கும் என்பதால் கம்பியின் கனத்தைவிடக் கொஞ்சம் பெரிதாகவே இருக்கட்டும். சாதாரணக் கம்பி வளையத்தை ஈர மண்ணிலேயே புதைத்துச் சுடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மண் சுருங்கும், கம்பி சுருங்காது. விரிசல் விழும், கம்பியும் கருகிப் பொடியாகும். புதைத்தே ஆக வேண்டும் என்றால் அதற்குச் சூட்டில் கருகாத நிக்ரோம் கம்பிதான்.

விளிம்பில் ஒட்டிய குட்டி மணிகள் உதிர்ந்திருந்தால், வெறும் தண்ணீர் தொட்டு ஒட்டியிருப்பீர்கள். அதே மண்ணைக் கூழாகக் கரைத்து, இரண்டு பக்கமும் ஊசியால் கீறி, கூழ் தடவி ஒட்ட வேண்டும்.

கூர்மையான விளிம்போடு, மயிரிழை போல, நேராக ஓடும் விரிசல் இன்னொரு வகை. இது ஆறும்போது வந்தது. மண்ணில் கலந்திருக்கும் மணல் 573 டிகிரியில் தன் உள்ளமைப்பை மாற்றிக்கொண்டு, ஏறும்போது சட்டென்று விரியும், இறங்கும்போது சட்டென்று சுருங்கும். அந்த நேரத்தில் மூடியைத் திறந்து குளிர்ந்த காற்று பட்டால் "டங்" என்று ஒரு சத்தம் கேட்கும். ஆர்வம் தாங்காமல் எட்டிப் பார்ப்பவர்களுக்குத்தான் இது நடக்கும். மாலையில் சுட்டால் மறுநாள் காலையில், பானை கையில் தொடும் சூட்டுக்கு வந்த பிறகுதான் திறக்க வேண்டும்.

கடைசியாக, சுட்ட அன்று முழுசாக இருந்து, ஒரு வாரம் பத்து நாள் கழித்து மேல்பரப்பு சின்ன வட்டமாகப் பெயர்ந்து, குழிக்குள் வெள்ளைப் புள்ளி தெரிகிறது என்றால் அது சுண்ணாம்பு. எனக்கு இது நடந்திருக்கிறது. ஒரு முறை ஏரி மண் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிச் செய்தேன். வண்ணம் தீட்டி 9 ஜோடி விற்ற பிறகு ஒவ்வொருவராகப் படம் அனுப்பினார்கள், வண்ணத்தோடு சேர்ந்து மண் பெயர்ந்திருந்தது. மண்ணில் கடுகளவு சுண்ணாம்புக் கல் இருந்தால் சூட்டில் அது சுட்ட சுண்ணாம்பாகிவிடும். அப்புறம் காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சி உப்பி, மேலே இருக்கும் மண்ணைத் தள்ளிவிடும். 9 பேருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மண்ணைக் கரைத்து மெல்லிய வேட்டித் துணியில் வடிகட்டிய பிறகுதான் அது நின்றது. பாக்கெட் மண்ணாக இருந்தாலும், புது இடத்தில் வாங்கினால் முதலில் நாலைந்து உருப்படி சுட்டு, இரண்டு வாரம் சும்மா வைத்துப் பார்த்துவிட்டுத்தான் விற்பனைக்கு இறங்குகிறேன்.

சுடும் முறையை நான் செய்வது போலவே சொல்கிறேன். மின்சூளை இல்லாமல் மொட்டை மாடியில் செய்கிற முறை இது.

காய்ந்ததா என்பதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும். ஜில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. காய்ந்த மண் நிறமும் வெளுத்திருக்கும். வெயில் காலத்தில் நாலு நாள், மழைக் காலத்தில் ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். அப்படிக் காய்ந்ததைக்கூட நேராகத் தீயில் வைப்பதில்லை. பழைய இரும்புச் சட்டியில் ஒரு அங்குலம் மணல் பரப்பி, அதன் மேல் உருப்படிகளை வைத்து, கேஸ் அடுப்பில் மிகக் குறைந்த தீயில் ஒரு மணி நேரம் சூடாக்குகிறேன். நடுவில் ஒரு எவர்சில்வர் தட்டைக் குளிர்ச்சியாக எடுத்து மேலே ஒரு சாண் உயரத்தில் பிடித்துப் பாருங்கள். தட்டில் ஆவி படிந்தால் இன்னும் தண்ணீர் வெளியேறிக்கொண்டிருக்கிறது. ஆவி படியாத நிலை வந்தால்தான் அடுத்த கட்டம். சில்லு சில்லாகச் சிதறுவது இந்த ஒரு மணி நேரத்தில் எனக்கு அநேகமாக நின்றே போனது.

பிறகு, அந்த உருப்படிகளைச் சின்ன மண் கலயத்தில் அடுக்கி மூடுகிறேன். அடியில் துளை உள்ள பெரிய பூந்தொட்டியை மூன்று செங்கல் மேல் வைத்து, அதன் நடுவில் கலயத்தை இறக்கி, சுற்றிலும் மேலேயும் கரி, கொட்டாங்குச்சி, வறட்டி போட்டு நிரப்புகிறேன். தீயை மேலிருந்து மூட்ட வேண்டும். கீழே மூட்டினால் குபீரென்று பிடித்து, கலயம் கால் மணி நேரத்தில் கொதிக்கும். மேலே மூட்டினால் தீ மெல்ல இறங்கும், சூடும் மெல்ல ஏறும். கலயத்துக்குள் இருப்பதால் எரிந்து சரியும் கரி நகையின் மேல் விழுவதும் இல்லை.

இருட்டும் நேரத்தில் சுடுவது நல்லது. அளவுகருவி இல்லாதவர்களுக்கு நிறம்தான் அளவுகருவி. கலயம் இருட்டில் மங்கிய சிவப்பாகத் தெரிய ஆரம்பிக்கும்போது 600 டிகிரியைத் தாண்டுகிறது. நல்ல செர்ரிப் பழச் சிவப்புக்கு வந்தால் 750, 800க்குப் பக்கம். அந்த நிறத்தில் அரை மணி நேரம் நின்றால் போதும், அப்புறம் தானாக ஆறட்டும். மண்ணோடு கட்டுண்டிருக்கும் நீர் பிரிவதே 450க்கும் 600க்கும் நடுவில்தான். அதற்குக் கீழே நின்றுவிட்டால் பார்க்கச் சுட்டது போலத் தெரியும், ஆனால் அது இன்னும் களிமண்தான்.

ஒவ்வொரு சூட்டிலும் ஒரு உருப்படியைத் தியாகம் செய்து இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டு வையுங்கள். காலையில் விரலால் தேய்க்கும்போது சேறாக வந்தால் அந்தச் சூட்டில் எதையும் விற்கக் கூடாது. சரியாகச் சுட்ட இரண்டு தோடுகளை மெல்லத் தட்டினால் கிண்ணென்று கேட்கும், வேகாதது டொக்கென்று கேட்கும்.

கறுப்பாக வந்திருந்தால் பயப்பட வேண்டாம், அது கெட்டுப்போகவில்லை. காற்று போதாமல் புகையில் வெந்தால் மண்ணிலிருக்கும் இரும்பு கறுக்கும், கரியும் துளைகளில் படியும். காற்று கிடைத்தால் சிவக்கும். கீழடியிலும் ஆதிச்சநல்லூரிலும் கிடைத்த கறுப்பு சிவப்புப் பானைகளின் இரண்டு நிறமும் இப்படித்தான் வந்தது. கறுத்ததை மூடியில்லாமல் இன்னொரு முறை சுட்டால் சிவப்பாகிவிடும். கறுப்பையே விரும்பி வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

இப்போது கணக்கு. உங்கள் 20 ஜோடியை என் ஊர் விலையில் போட்டுப் பார்க்கிறேன், உங்கள் ஊர் விலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மண் பிசைந்து வடிவம் கொடுக்க 6 மணி நேரம், சுடும்போது பக்கத்தில் நிற்க 2 மணி நேரம். இந்த 8 மணி நேரம் எத்தனை உடைந்தாலும் போனது போனதுதான். அதோடு மண்ணுக்கு 40, கரிக்கும் கேஸுக்கும் 100. வண்ணம், வார்னிஷ், கொக்கி மாட்டுவது எல்லாம் தேறிய ஜோடிக்கு மட்டும் ஆகும் செலவு. 16 ஜோடிக்கு 7 மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். உங்கள் நேரத்துக்கு மணிக்கு 60 ரூபாய் போடுகிறேன். குறைவுதான், ஆனால் அதைக்கூட யாரும் போடுவதில்லை.

16 ஜோடி தேறினால் உழைப்பு 15 மணி நேரம், 900 ரூபாய். மண்ணும் எரிபொருளும் 140. வண்ணத்துக்கும் வார்னிஷுக்கும் 120, கொக்கிக்கு 96, பெட்டிக்கு 128. மொத்தம் 1,384. ஜோடிக்கு 87 ரூபாய் அடக்கம். இதே கணக்கை 8 ஜோடி தேறும்போது போட்டால் உழைப்பு 690, பொருள் 312, மொத்தம் 1,002, ஜோடிக்கு 125 ரூபாய். நீங்கள் 125 ரூபாய்ப் பொருளை 80க்கு விற்கிறீர்கள். கையில் எப்படி நிற்கும்?

சுடுவதை இன்னும் திருத்தி, உடைவதை நூற்றுக்கு ஐந்தாகக் குறைத்தால் 19 ஜோடி தேறும், அடக்கம் 80க்குப் பக்கம் வரும். 125 லிருந்து 87க்கு இறக்கியது ஒரே அச்சு. 87 லிருந்து 80க்கு இறக்குவது நல்ல சூடு. அதனால்தான் அச்சை முதலில் சொன்னேன்.

பூட்டிக்கில் 40 சதவீதம் என்றால், 150 என்று விலைச்சீட்டு ஒட்டினால் உங்களுக்கு 90 வரும். ஜோடிக்கு 3 ரூபாய் மிச்சம், அதை ஆட்டோவுக்குக் கொடுத்துவிடுவீர்கள். 180 ஒட்டினால் 108 வரும், 21 ரூபாய் மிச்சம். 180க்குக் கீழே அந்தக் கடையில் வைக்காதீர்கள். வைப்பதற்கு முன் இன்னொரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "விற்ற பிறகு காசு என்று வைக்காமல், இப்போதே காசு கொடுத்து எடுத்துக்கொள்கிறீர்களா, 30 சதவீதம் கழித்துத் தருகிறேன்." அப்படி எடுத்தால் ஜோடிக்கு 126 உடனே கையில் வரும், உங்களுக்கு 39 நிற்கும். சில கடைகள் 12 ஜோடிக்குச் சம்மதிக்கும். சம்மதிக்காவிட்டால் கமிஷனுக்கும் அதே 12 ஜோடிதான் வையுங்கள். அதில் உங்கள் பணம் ஆயிரத்துச் சொச்சம் மாட்டிக்கொள்கிறது. எடுத்த எடுப்பில் 60 ஜோடி வைத்துவிட்டு மூன்று மாதம் காத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அடுத்த மண் வாங்கக் காசு இருக்காது.

கார்பன் தாள் வைத்த சின்னப் பில் புத்தகம் ஒன்று போதும். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு எண், விலை, கொடுத்த தேதி எழுதி, கடையில் ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கடையில் கீழே விழுந்து உடைந்தால் அது கடையின் கணக்கு என்பதை அந்தத் தாளிலேயே எழுதுங்கள். மண் நகைக்கு இது முக்கியம். 45 நாளில் போகாததை எடுத்துக்கொண்டு வேறு நிறம் மாற்றித் தருவேன் என்றும் சொல்லுங்கள், கடைக்காரர்களுக்கு அது பிடிக்கும்.

ஆனால் பூட்டிக்கில் 180க்கு இருக்கும் அதே ஜிமிக்கியை நீங்கள் காலேஜ் வாசலில் 80க்கோ 120க்கோ விற்க முடியாது. ஒரே வாரத்தில் கடைக்குத் தெரிந்துவிடும், அவர்கள் கோபப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. அதனால் இரண்டாகப் பிரியுங்கள். அச்சு ஒன்றுதான், வண்ண வேலையில் பிரியட்டும். பூட்டிக்குக்குப் போவதில் பொடிப்பொடியான தங்கப் புள்ளி, மூன்று நிறம், பெட்டி எல்லாம் இருக்கட்டும். காலேஜுக்குப் போவதில் இரண்டே நிறம், பத்து நிமிஷத்தில் முடிகிற வேலை, காகித உறை. இதன் அடக்கம் 65க்குப் பக்கம் வரும், 120க்குக் கொடுக்கலாம். 80க்கு வாங்கியவர்கள் 120க்கு முகம் சுளிப்பார்கள்தான். அவர்களுக்கு அந்த மிஞ்சிய தோடு 60 ரூபாயில் இருக்கிறது.

காலேஜில் நல்ல ஆர்டர் என்பது கூட்டாக வருவது. ஓணத்துக்கு, பொங்கல் விழாவுக்கு, ஃபேர்வெல்லுக்குச் சேலை கட்டும்போது பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே மாதிரி கேட்பார்கள். அப்போது மொபைலில் வந்த படத்தைப் பார்த்து நிறம் கலக்காதீர்கள். ஒவ்வொரு திரையிலும் ஒரு நிறம் தெரியும். பிளவுஸ் பிட்டின் ஓரத்தை ஒரு விரலளவு வெட்டித் தரச் சொல்லுங்கள். சுட்டுக் காய வைக்க நாள் வேண்டும் என்பதால், வண்ணம் தீட்டாத சிவப்பு ஜோடிகளை முப்பது நாற்பது எப்போதும் தயாராக வைத்திருந்தால், இந்த ஆர்டர்களை மூன்றே நாளில் முடித்துவிடலாம். அதற்கும் ஒரே அச்சுதான் உதவும்.

திரும்பி வருகிற ஜோடிகளில் பெரும்பாலானவை மண்ணால் திரும்புவதில்லை. கொக்கியால் காது அரிக்கிறது என்று வரும். மலிவான கொக்கியில் நிக்கல் இருக்கும், சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது. பூட்டிக் ஜோடிக்காவது சர்ஜிக்கல் ஸ்டீல் கொக்கி போடுங்கள், கூடுதலாகும் காசை விலைச்சீட்டில் ஏற்றிக்கொள்ளலாம். அடுத்தது வண்ணம் துணியில் ஒட்டுகிறது என்பது. அக்ரிலிக் ஒரு நாள் முழுக்கக் காய்ந்த பிறகுதான் வார்னிஷ் அடிக்க வேண்டும், குடையின் உள்பக்கமும் சேர்த்து இரண்டு முறை. பிறகு ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் வந்தால் அனுப்பாதீர்கள்.

சில்க் த்ரெட் வளையல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதில் உடைவது இல்லை, சுடுவது இல்லை, அன்றே முடித்து அன்றே கொடுக்கலாம். ஆனால் பிளாஸ்டிக் வளையலில் நூல் சுற்றி, ஓரத்தில் கல் செயின் ஒட்டுவதை ஒரு மதியத்தில் யாரும் கற்றுக்கொள்ளலாம். அதனால் உங்கள் தெருவிலேயே நாலு பேர் செய்வார்கள், விலை இறங்கிக்கொண்டே போகும். தண்ணீர் பட்டால் நூல் மங்கும், உரசினால் பிசிறு தட்டும். கல்யாண ஆர்டருக்குச் சேலை நிறத்தில் செட்டாகச் செய்து தருவதில் காசு உண்டு, காலேஜில் குறைவு. ஒரு வருஷம் தீயோடு பழகிய கையை விட்டுவிட்டு அங்கே போக நான் சொல்ல மாட்டேன்.

பூட்டிக்கிடம் ஒரு மாதம் தவணை கேளுங்கள். அதற்குள் ஒரே அச்சில் இரண்டு சூடு போடுங்கள். ஒவ்வொரு சூட்டிலும் எத்தனை குடை, எத்தனை தோடு, எந்த மாதிரி உடைந்தது என்று நோட்டில் எழுதுங்கள். 20 ஜோடிக்கு 15க்கு மேல் தேறினால் 12 ஜோடியோடு கடைக்குப் போங்கள். தேறாவிட்டால் உடைந்த துண்டுகளை வெள்ளைத் தாளில் பரப்பி, விளிம்பு தெரிகிற மாதிரி படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.